வீவாப் கோட்டை நானே கணக்கிட்டுப் பார்த்தது: தரகர் திரையோடு ஒத்துவரும் வரை

தரகு நிறுவனங்களின் திரையில் VWAP என்ற பெயரில் ஒரு கோடு ஓடும். சந்தையில் இருப்பவர்கள் வாயில் அது வீவாப். அன்றைய நாளில் அதுவரை கைமாறிய பங்குகளின் மொத்தப் பணத்தை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அது. பெரிய நிதிகளுக்குப் பங்கு வாங்கித் தருபவர்கள் "நல்ல விலைக்கு வாங்கினேனா?" என்ற கேள்விக்கு இந்தக் கோட்டைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். பெர்கோவிட்ஸ், லோக், நோசர் ஆகிய மூவர் நியூயார்க் பங்குச் சந்தையின் வர்த்தகச் செலவுகளை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இந்தப் பழக்கத்துக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது.

கோட்டைப் பார்த்து வாங்குவது, விற்பது எனக்கு நோக்கமில்லை. அந்த எண் எப்படி வருகிறது என்பதைச் சொந்தக் கணக்கில் வரவழைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தேசியப் பங்குச் சந்தையில் 500 ரூபாய்ப் பக்கம் ஓடும் ஒரு நடுத்தரப் பங்கை எடுத்துக்கொண்டேன். கீழே வரும் எண்களைக் கணக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்களாக மாற்றியிருக்கிறேன், விஷயம் மாறவில்லை.

முதலில் எழுதியது எல்லோரும் எழுதும் கணக்குதான். கேண்டில் என்பது ஒன்று, ஐந்து நிமிடம் போன்ற ஒரு சிறு நேரத்துண்டின் விலைச் சுருக்கம். ஒவ்வொரு கேண்டிலிலும் உச்சம், தாழ்வு, முடிவு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, அதை அந்தக் கேண்டிலின் விலை என்று வைத்துக்கொள்வது. பிறகு விலையை எண்ணிக்கையால் பெருக்கி, காலையிலிருந்து கூட்டிக்கொண்டே வருவது.

```python
import pandas as pd

df = pd.read_csv("bars.csv", parse_dates=["time"])
day = df["time"].dt.date
df["pv"] = (df["high"] + df["low"] + df["close"]) / 3 * df["volume"]
cum_pv = df.groupby(day)["pv"].cumsum()
cum_v = df.groupby(day)["volume"].cumsum()
df["vwap"] = cum_pv / cum_v
```

நாள்வாரியாகப் பிரிக்கும் `groupby` இங்கே முக்கியம். வீவாப் தினமும் காலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. நேற்றைய கூட்டுத்தொகைக்கு இன்று வேலை இல்லை.

சரிபார்ப்பதற்கு ஒரு விடைத்தாள் கையிலேயே இருக்கிறது. சந்தை முடிந்த பிறகு வெளியாகும் அன்றைய விலைப் பட்டியலான முழு பாவ்காப்பியில் `TTL_TRD_QNTY`, `TURNOVER_LACS`, `AVG_PRICE` என்று மூன்று பத்திகள் உண்டு. முதலாவது மொத்த எண்ணிக்கை, இரண்டாவது லட்சத்தில் மொத்த மதிப்பு, மூன்றாவது அவற்றின் வகுத்தல். அதாவது அன்றைய முழுநாள் வீவாப் அங்கேயே அச்சாகியிருக்கிறது. EQ என்ற வரிசையின் வரியைத்தான் எடுக்க வேண்டும். ஒரே பங்குக்கு வேறு வரிசைகளும் வரக்கூடும்.

மாலை நேர எண் ஓரளவுக்கு ஒத்துவந்தது. காலை நேரம்தான் ஒத்துவரவில்லை. 9:20க்கு என் கணக்கு 504.00 என்றது, தரகர் திரை 502.40 என்றது. ஒரு ரூபாய் அறுபது காசு என்பது இந்த விலையில் சின்ன வித்தியாசம் இல்லை. நாள் ஏற ஏற இடைவெளி தானாகச் சுருங்கியது: நண்பகலில் சுமார் 32 காசு, மாலையில் சுமார் 16 காசு.

சுருங்கும் விதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. காலையில் ஏதோ ஒரு வர்த்தகத்தொகுதி ஒரு பக்கத்தில் இருக்கிறது, மறுபக்கத்தில் இல்லை; பிறகு வரும் வர்த்தகம் பெருகப் பெருக அதன் எடை கரைகிறது. தரகர் திரையில் 9:15க்கு மணி அடிக்கும் நொடியிலேயே மொத்த எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை என்பதைக் கவனித்தால் விடை வந்துவிடும். 9:00 முதல் 9:15 வரையிலான முன்திறப்பு நேரத்தில் ஆர்டர்களைச் சேர்த்து, ஒரே விலையில் பொருத்திவிடுகிறார்கள். என் கேண்டில் தரவு 9:15க்குத் தொடங்குவதால் அந்தப் பங்குகள் அதில் இல்லை.

எண்களில் பார்க்கலாம். முன்திறப்பில் 20,000 பங்குகள் 500 ரூபாய்க்கு: ஒரு கோடி ரூபாய். 9:15 முதல் 9:20 வரை 30,000 பங்குகள் சராசரியாக 504க்கு: 1,51,20,000. மொத்தம் 50,000 பங்குகள், 2,51,20,000 ரூபாய். வகுத்தால் 502.40, திரையில் இருந்த எண் அப்படியே. அந்த ஒரு வரியைத் தரவின் தலையில் சேர்த்ததும் 9:20இன் இடைவெளி போய்விட்டது, மற்ற வேளைகளில் சில காசுகள் மட்டும் மிஞ்சின.

இதே கணக்கு, கோடு பிற்பகலில் ஏன் அசைய மறுக்கிறது என்பதையும் சொல்கிறது. 50,000 பங்குகள் முடிந்த நிலையில், வீவாப்பைவிடப் பத்து ரூபாய் கூடுதலாக 1,000 பங்குகள் கைமாறினால் கோடு சுமார் 20 காசு ஏறும். 4,00,000 பங்குகள் முடிந்த பிறகு அதே வர்த்தகம் வந்தால் இரண்டரைக் காசு. திரையில் பிற்பகல் கோடு தட்டையாகப் படுத்திருப்பதைச் சந்தையின் உறுதி என்று சிலர் விளக்குகிறார்கள். வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

மிச்சமிருந்த காசுகளுக்குக் காரணம் கேண்டிலின் உள்ளே இருந்தது. ஓர் ஐந்து நிமிடக் கேண்டிலைப் பிரித்துப் பார்த்தேன். 503க்கு 3,000 பங்குகள், 505க்கு 6,800, நடுவில் யாரோ அவசரத்தில் 512க்கு 200. உண்மையான சராசரி 504.54. ஆனால் உச்சம் 512, தாழ்வு 503, முடிவு 505 என்று மூன்றின் சராசரி எடுத்தால் 506.67. நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே கைமாறிய ஒரு விலைக்கு மூன்றில் ஒரு பங்கு எடை கிடைத்துவிடுகிறது. ஒரு நிமிடக் கேண்டிலுக்கு மாறினால் இந்தப் பிழை பெரிதும் குறைகிறது, ஏனென்றால் அந்த 512 ஒரே நிமிடத்தின் எண்ணிக்கையை மட்டும்தான் கெடுக்கும். முழுதாகப் போகவேண்டுமானால் ஒவ்வொரு வர்த்தகமும் தனித்தனியாக வேண்டும். அது சும்மா கிடைப்பதில்லை.

இங்கேதான் ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. சந்தையிலிருந்து வரும் நேரடித் தரவில், அதுவரையிலான சராசரி விலையும் மொத்த எண்ணிக்கையும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் பெருக்கினால் அதுவரையிலான மொத்தப் பணம். இரு வேளைகளில் இதைக் குறித்துக்கொண்டு கழித்தால், இடைப்பட்ட நேரத்துக்கு மட்டுமான வீவாப் கிடைத்துவிடும். கேண்டில் தேவையே இல்லை.

11:00 மணிக்குச் சராசரி 505.00, எண்ணிக்கை 3,00,000. 11:30க்கு 505.50, 3,50,000. பணம் 15,15,00,000இலிருந்து 17,69,25,000 ஆகியிருக்கிறது. வித்தியாசம் 2,54,25,000, அதை 50,000ஆல் வகுத்தால் 508.50. நாள் கோடு அரை ரூபாய்தான் நகர்ந்தது. அந்த அரை மணி நேரத்தில் வாங்கியவர்கள் கொடுத்ததோ மூன்றரை ரூபாய் கூடுதல். அடுத்த அரை மணி நேரத்தில் கோடு 506.00 ஆனது, எண்ணிக்கை 4,00,000. அதே கழித்தலில் 509.50 வருகிறது.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. திரையில் வரும் சராசரி இரண்டு தசம இடங்களுக்குத் தோராயமாக்கப்பட்டது, அதாவது அரைக் காசு வரை தள்ளியிருக்கலாம். 3,50,000 பங்குகளுக்கு அரைக் காசு என்றால் 1,750 ரூபாய். இரு முனையிலும் இந்தப் பிழை வருவதால், 50,000 பங்குகள் கைமாறிய அரை மணி நேரத்தில் விடை ஆறரைக் காசு வரை தவறலாம், பரவாயில்லை. ஆனால் வெறும் 500 பங்குகள் கைமாறிய ஒரு நிமிடத்துக்கு இதே கழித்தலைச் செய்தால் ஏழு ரூபாய் வரை தவறலாம். அந்த நிமிடத்தின் உச்சத்துக்கு மேலேயோ தாழ்வுக்குக் கீழேயோ விடை வந்து நின்றால், தோராயமாக்கப்பட்ட தசமம் விளையாடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நான் இப்போது கைமாறிய எண்ணிக்கை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்கும் இடைவெளிகளுக்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துகிறேன். குறுகிய இடைவெளி என்றால் ஒரு நிமிடக் கேண்டில்.

கருவி கைக்கு வந்த பிறகு அளவுகோல் பக்கம் திரும்பினேன். கற்பனையாக ஒரு நிதிக்கு 11:00 மணிக்கு ஆர்டர் வருகிறது, நண்பகலுக்குள் 20,000 பங்குகள் வாங்க வேண்டும். வாங்குபவர் சராசரியாக 508.60க்கு முடிக்கிறார். அன்றைய முழுநாள் வீவாப் 508.00. அறுபது காசு அதிகம் கொடுத்துவிட்டார் என்று அறிக்கையில் சிவப்பு எழுத்தில் வரும். ஆனால் 11 முதல் 12 வரையிலான வீவாப் 509.00. அந்த ஒரு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் நாற்பது காசு மிச்சம் பிடித்திருக்கிறார். காலை 9:20க்கு 504க்குக் கைமாறிய பங்குகளை, 11 மணிக்கு ஆர்டர் பெற்றவர் எப்படி வாங்க முடியும்? என் பார்வையில் ஆர்டர் வந்த நிமிடத்திலிருந்து முடிக்க வேண்டிய நிமிடம் வரையிலான வீவாப்பைத் தவிர மற்றது நியாயமான ஒப்பீடு இல்லை. முழுநாள் எண் பாவ்காப்பியில் தயாராகக் கிடைக்கிறது என்பதற்காகவே பலரும் அதை எடுத்துவிடுகிறார்கள்.

அந்த நாற்பது காசிலும் ஒரு கழிவு இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கைமாறிய 1,00,000 பங்குகளில் 20,000 அவருடையவையே. 5,09,00,000 ரூபாயிலிருந்து அவர் கொடுத்த 1,01,72,000ஐக் கழித்து, மிச்சத்தை 80,000ஆல் வகுத்தால், மற்ற வர்த்தகங்களின் சராசரி 509.10. உண்மையான வித்தியாசம் ஐம்பது காசு. தன் பங்கு ஐந்தில் ஒன்று என்பதால் வித்தியாசத்தில் ஐந்தில் ஒன்று மறைந்துவிட்டது. அதிக விலை கொடுத்திருந்தாலும் இப்படியே மறைந்திருக்கும். ஒரு மணி நேரத்தின் மொத்த வர்த்தகமும் ஒருவருடையதாகவே இருந்தால், என்ன விலை கொடுத்தாலும் அவர் வீவாப்பிலேயே வாங்கியவராவார். விலையை அவரே ஏற்றிவிட்டிருந்தால்கூட அறிக்கையில் பூஜ்யம்தான் தெரியும். அதனால் என் தாளில் இப்போது இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன: சொந்த வர்த்தகத்தை நீக்கிய வீவாப், மொத்தத்தில் சொந்தப் பங்கு எத்தனை சதவீதம். இரண்டாவது பத்தி இருபதைத் தாண்டினால் முதல் பத்தியையும் நான் நம்புவதில்லை. அப்போது ஆர்டர் வந்த நிமிடத்தின் சந்தை விலையோடு ஒப்பிடுகிறேன்.