பத்திரமாக வைக்கிறோம் என்று வாங்கிய நகையைத் திரும்ப வாங்குவது எப்படி?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். குமரி மாவட்டத்தில் "ஸ்ரீதனம் எவ்வளவு?" என்று கேட்டால், மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசி முடித்த பணமும் நகையும் எவ்வளவு என்றுதான் பொருள். சட்டத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்தின்போதோ, அதற்குப் பிறகோ பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்டது, அவள் சம்பாதித்தது, அவள் சேர்த்தது, இவை எல்லாம்தான் அங்கே ஸ்ரீதனம். மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கியது வரதட்சணை. பல மனுக்கள் இந்த இடத்திலேயே தடுமாறுகின்றன. "50 பவுன் ஸ்ரீதனம் கொடுத்தோம்" என்று எழுதினால், அது பெண்ணுக்குக் கொடுத்ததா, மாப்பிள்ளைக்குக் கொடுத்ததா என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். "எனக்கு என் பெற்றோர் அணிவித்த 45 பவுன் நகை என் கணவரிடமும் மாமியாரிடமும் இருக்கிறது" என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

மாப்பிள்ளை வீட்டுக்கே நேராகக் கொடுத்த வரதட்சணையும் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அதை 3 மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதுவரை அவளுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள்தான் அவர்கள். கொடுத்ததும் குற்றமாயிற்றே என்று பெண் பயப்பட வேண்டாம். பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போடக் கூடாது என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது.

இனி உரிமை. இந்துப் பெண்ணுக்கு 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அவள் சொத்து முழுக்க அவளுடையதே என்கிறது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, திருமணத்தால் கணவனுக்கு மனைவியின் சொத்தில் எந்தப் பங்கும் வராது என்கிறது. இஸ்லாமியப் பெண்ணின் சொத்தும் மஹரும் அவளுக்கே உரியவை. நகையைக் கணவரோ மாமியாரோ வாங்கிப் பீரோவில் பூட்டினால், அவர்கள் காவலுக்கு வைத்திருப்பவர்கள், உரிமையாளர்கள் அல்ல. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: கேட்டும் திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் வருகிறது.

உரிமையில் சந்தேகமே இல்லை. வழக்குகள் தோற்பது "எவ்வளவு கொடுத்தீர்கள், யார் கையில் இருக்கிறது" என்ற இரண்டு கேள்விகளில்தான். ஓர் உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

தக்கலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்தில் 45 பவுன், அதாவது 360 கிராம். அதில் 28 பவுன் கடையில் புதிதாக எடுத்தது. 10 பவுன் அம்மாவின் பழைய நகை. 7 பவுன் மாமா, சித்தி, அத்தை போட்டது. கல்யாணம் முடிந்த வாரமே மாமியார், "வீட்டுல திருட்டுப் பயம், நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கணவர் தன் பெயரில் 20 பவுனைக் கூட்டுறவு வங்கியில் பணயம் வைத்தார். பெண் இப்போது குழித்துறையில் தாய் வீட்டில் இருக்கிறாள். உடம்பில் இருந்த 5 பவுன் மட்டும் கையில்.

அவள் முதலில் உட்கார்ந்து எழுத வேண்டியது பட்டியல். ஒரு நகைக்கு ஒரு வரி: பெயர், எடை, யார் கொடுத்தது, என்ன ஆதாரம், கடைசியாக எங்கே யார் கையில் பார்த்தது. 28 பவுனுக்குக் கடை ரசீது இருக்கும். ஹால்மார்க் நகை என்றால் ரசீதில் ஒவ்வொரு உருப்படியின் நிகர எடையும் தரமும் தனித்தனியாக இருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த நகையில், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத்தில், ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியான எச்.யு.ஐ.டி. குறியும் இருக்கும். ரசீது தொலைந்திருந்தால் கடையில் நகல் கேட்கலாம்; அப்பாவின் வங்கிக் கணக்கில் கடைக்குப் போன பணம் பதிவாகியிருக்கும். அம்மாவின் 10 பவுனுக்கு ரசீது கிடைப்பது அரிது. ஆனால் அந்த நகையை அம்மா எப்போதாவது பணயம் வைத்திருந்தால், அந்தப் பழைய அடகுச் சீட்டில் உருப்படியும் எடையும் இருக்கும். இது பலருக்கும் நினைவுக்கு வராத நல்ல ஆதாரம். உறவினர் போட்ட 7 பவுனுக்கு அவர்களே சாட்சி. கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் எந்த மாலை என்று குறித்து வைத்தால், வீடியோவும் சேர்ந்து பேசும்.

எடையில் கல், அரக்கு நீங்கிய நிகர எடையையே எழுதுங்கள். பேச்சில் சொன்ன கணக்கை எழுதாதீர்கள். "101 பவுன்" என்று ஊருக்குச் சொல்லியிருப்பார்கள், போட்டது 60 இருக்கும். மனுவில் 101 என்று எழுதிவிட்டுக் குறுக்கு விசாரணையில் 60க்கு மட்டும் தாள் காட்டினால், உண்மையான 60ம் சந்தேகத்துக்கு உள்ளாகும். கூட்டிச் சொன்னதால் கெட்ட வழக்குகள் இந்த மாவட்டத்தில் நிறைய. மாப்பிள்ளைக்குப் போட்ட செயினும் மோதிரமும் அவருடையவை. அவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். கணவர், மாமியார் இருவர் பெயரிலும், பட்டியலை இணைத்து, 15 நாளுக்குள் திருப்பித் தரும்படி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில். இதைச் சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. கேட்டதற்கும் தராததற்கும் தேதி கிடைப்பது இதில்தான். பதிலும் முக்கியம். "நகையே போடவில்லை" என்று பதில் வந்தால் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். "வீடு கட்ட அவள் சம்மதத்தோடு பணயம் வைத்தோம்" என்று வந்தால், நகை தங்கள் கைக்கு வந்ததை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நெருக்கடியில் கணவர் மனைவியின் நகையைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதே போலக் கணவர் வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் மீட்டுத் தாரேன்" என்று அனுப்பியிருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். அதன் நகலைத் தாக்கல் செய்தால் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

வங்கியில் இருக்கும் 20 பவுனுக்கு அவசரம் வேறு. வட்டி கட்டாவிட்டால் ஏல அறிவிப்பு கடன் வாங்கியவர் பெயருக்கே போகும். மனைவிக்குத் தெரியவே தெரியாது. எனவே கிளை மேலாளருக்கு உடனே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: இன்ன நகைகள் என் சொத்து, பிரச்சினை நடக்கிறது, ஏலம் விட வேண்டாம் என்று. இந்தக் கடிதம் மட்டும் வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடிதத்தின் நகலையும் வைத்து நீதிமன்றத்தில் தடை கேட்க வேண்டும்.

எந்த நீதிமன்றம்? விரைவான வழி 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். நகையைத் தராமல் பிடித்து வைப்பதே அங்கே பொருளாதார வன்முறை. பெண் இப்போது தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும். நம் பெண்ணுக்குக் குழித்துறை. தக்கலைக்கு அலைய வேண்டாம். 18ஆம் பிரிவில் நகையையும் லாக்கரையும் வங்கிக் கணக்கையும் கை வைக்காதே என்ற தடை, 19(8)இல் திருப்பிக் கொடு என்ற உத்தரவு, 23இல் இடைக்கால உத்தரவு. இந்த மூன்றையும் முதல் மனுவிலேயே கேட்க வேண்டும். தடையைக் கேட்காமல் விட்டு, விசாரணை முடிவதற்குள் நகை ஏலம் போவதுதான் அடிக்கடி நடக்கும் நஷ்டம். முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் நோக்கம்; நடைமுறையில் கூடும். நாகர்கோவிலில் மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மனுவைத் தயாரிக்க உதவுவார். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

எடையே தகராறு என்றால், சாட்சிகளை முழுமையாக விசாரிக்கும் குடும்ப நல நீதிமன்றம் நல்லது. அங்கே குற்ற வழக்கு அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கேரள வழக்கு ஒன்றில், முதல் இரவிலேயே பத்திரத்துக்கென்று வாங்கிய 89 பவுன் போய்விட்டது. உயர் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்றதை மாற்றி, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பார்த்தால் போதும் என்றது. அதில் குடும்ப நீதிமன்றம் 2011இல் கொடுத்தது 8,90,000 ரூபாய். இறுதியில் கிடைத்தது 25 லட்சம். ஆகவே மனுவில் "இத்தனை லட்சம்" என்று மட்டும் கேட்காமல், "இன்ன நகை, அல்லது பணம் கொடுக்கும் நாளின் சந்தை விலை" என்று கேளுங்கள். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் தங்கம் ஏறுகிறது.

சேமிப்புப் பணத்துக்கு இதே விதி, ஆனால் வரம்பு உண்டு. அந்தப் பெண் மாதம் 10,000 ரூபாய் வீதம் 24 மாதம் கணவரின் கணக்குக்கு அனுப்பினாள் என்றால் 2,40,000. அது வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் பீஸுக்கும் போயிருந்தால் திரும்பப் பெறுவது கடினம். வைப்பு நிதியாகவோ வீட்டுக் கட்டுமானமாகவோ இருக்கிறது என்று வங்கிப் பதிவில் தடம் காட்ட முடிந்தால் கேட்கலாம். சம்பளம், சுய உதவிக் குழுச் சேமிப்பு, முந்திரி ஆலையின் பி.எஃப். எல்லாம் அவள் பெயரிலேயே நிற்பது நல்லது. கூட்டுக் கணக்கில் "இருவரில் யாரேனும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஒருவரே முழுப் பணத்தையும் எடுத்துவிட முடியும். பணம் யாருடையது என்ற சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கடைசிக் கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மகளிர் காவல் நிலையத்திலோ வக்கீல் அலுவலகத்திலோ சமாதானம் பேசி, ஒரு பையில் நகையைக் கொண்டுவந்து வைப்பார்கள். "எல்லா நகைகளையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாள் தயாராக இருக்கும். எடை போடாமல் அதில் கையெழுத்திட்டால் பிறகு ஒன்றும் சொல்ல முடியாது. இருதரப்பும் சேர்ந்து ஒரு நகைக்கடைத் தராசில் உருப்படி உருப்படியாக நிறுங்கள். பட்டியலில் இருந்த ஆரத்துக்குப் பதில் அதே மாடலில் கவரிங் வந்திருக்கலாம். உரைத்துப் பாருங்கள், எச்.யு.ஐ.டி. எண் இருந்தால் BIS CARE செயலியில் அடித்துப் பாருங்கள். 40 பவுனில் 33 வந்திருந்தால், தாளில் 33 பவுனின் உருப்படிகளை நிகர எடையோடு எழுதி, "மீதி 7 பவுன் பாக்கி" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடுங்கள். அந்த 33ஐ நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.