தொலைந்த காசோலையும் வங்கியின் பதில் கடிதமும்

மார்ச் 9, 2026, திங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்த்த ஒப்பந்தக்காரர் காலையில் அழைத்து, “சார், நீங்க கொடுத்த செக்கை பஸ்ல பையோட விட்டுட்டேன்” என்றார். அது மார்ச் 4 தேதியிட்டு ரூ. 38,500-க்கு அவர் பெயரில் எழுதிய, ‘அக்கவுண்ட் பேயி’ என்று குறுக்குக் கோடிட்ட காசோலை. வேறொருவர் அதைக் கவுண்டரில் நீட்டிப் பணமாக்க முடியாது என்பது ஓரளவு ஆறுதல்தான். ஆனாலும் தேதியிலிருந்து மூன்று மாதம் அது செல்லும் என்பதால், அதை நிறுத்தாமல் புதியது எழுதினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகக்கூடும். தொலைத்தவர் அவரானாலும், நிறுத்தும்படி வங்கிக்குச் சொல்ல வேண்டியவர்கள் காசோலையில் கையொப்பமிட்ட நாங்களே.

முதலில் கணக்கைப் பார்த்தேன், பணம் போயிருக்கவில்லை. போயிருந்தால் நிறுத்த எதுவும் இருந்திருக்காது. கணக்கைச் செயலாளரும் பொருளாளரான நானும் கூட்டாக இயக்குவதால், இருவரும் கையொப்பமிட்ட கடிதத்தை மதியத்துக்குள் கிளையில் கொடுத்தேன். அதன் முக்கிய வரிகள்:

“எங்கள் கணக்கின் மேற்படி காசோலை, பெறுநரிடமிருந்து தொலைந்துவிட்டதால், அதற்குப் பணம் வழங்குவதை உடனே நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கு இதுவரை பணம் வழங்கப்படவில்லை என்பதையும், நிறுத்த உத்தரவு பதிவான நாள், நேரம் ஆகியவற்றையும் எழுத்து மூலம் உறுதிப்படுத்தித் தருமாறு வேண்டுகிறோம்.”

காசோலை எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், அடிக்கட்டையைப் பார்த்து ஆறு இலக்கங்களையும் எழுதினேன். கணினி தேடுவது அந்த எண்ணைத்தான் என்பதால், ஓர் இலக்கம் பிசகினாலும் வேறு காசோலை நின்றுவிடும்.

மார்ச் 10, செவ்வாய்

நகலில் நேற்று வாங்கிய ‘பெறப்பட்டது’ முத்திரையே போதும் என்று செயலாளர் கருதுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முத்திரை கடிதம் மேசைக்கு வந்ததைத்தான் சொல்கிறது. உத்தரவு கணினியில் ஏறியதைச் சொல்வதில்லை. காசோலைப் படங்கள் இப்போது நாள் முழுவதும், வங்கிகள் காசோலைகளைப் பரிமாறிக்கொள்ளும் தீர்வகத்துக்கு வந்துகொண்டே இருப்பதால், அந்த இடைவெளியிலும் பணம் போய்விடலாம். கிளையில் மீண்டும் கேட்டபோது, அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார்: நேற்று பிற்பகல் 2.40-க்குப் பதிவாகியிருந்தது. அதைக் கடிதமாகத் தரும்படி கேட்டேன். மேலாளர் கையொப்பமிட வேண்டும் என்றார்.

மார்ச் 12, வியாழன்

கடிதம் வந்தது. காசோலை எண், தொகை, பதிவான நேரம், பணம் வழங்கப்படவில்லை என்ற வாசகம் எல்லாம் இருந்தன. ஆனால் தேதி மார்ச் 14 என்றிருந்தது. இன்னும் வராத நாளைப் போட்ட கடிதம் தணிக்கையாளரிடம் செல்லாது என்பதால், அங்கேயே திருத்தி மேலாளரிடம் சுருக்கொப்பம் வாங்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

பழைய காசோலை கிடைத்தால் வங்கியில் போடாமல் எங்களிடம் திருப்பித் தருவதாக ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, புதிய காசோலையைக் கொடுத்தேன். ரொக்கப் புத்தகத்தில் பழைய பதிவை எதிர்ப்பதிவிட்டு நீக்கினேன். இல்லையென்றால் மாத இறுதியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிடும்போது, அது ‘இன்னும் பணமாகாத காசோலை’யாகவே நின்றிருக்கும். நிறுத்தியதற்கான கட்டணத்தை வங்கி ஜிஎஸ்டியுடன் கணக்கில் பிடித்திருந்தது. அதையும் வங்கிச் செலவில் எழுதினேன்.