கடைசல் கால் கணக்கு

ஜூன் 3
மேசைக் கால்களை நாங்களே கடைவதை விட்டு வெளியில் வாங்கலாமா என்று கேட்டிருந்தோம். வெளிப் பட்டறையின் விலை வந்துவிட்டது. சாப்பாட்டு மேசைக் கால் ஒன்று, வண்டிச் சத்தத்தோடு 345 ரூபாய். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அதே கால் 390. மாதம் 200 கால். தம்பி அதற்குள் 9,000 மிச்சம் என்று சிரிக்கிறான்.

ஜூன் 4
தூக்கம் வரவில்லை. 390-ஐப் பிரித்துப் பார்த்தேன். வாகை மரம் 180, உப்புத்தாளும் மின்சாரமும் 20, கடைசல் போடும் அண்ணனின் சம்பளம் 120, கடைசல் எந்திரத் தேய்மானம் 30, கொட்டகை வாடகைப் பங்கு 40. கால்களை வெளியில் வாங்கினால் கொட்டகைக்காரர் வாடகையைக் குறைப்பாரா? எந்திரத்துக்குக் கொடுத்த பணம் திரும்பி வருமா? இந்த 70 ரூபாய் எப்படியும் போவதுதான். மீதி 320. அதுவும் அண்ணனை அனுப்பிவிட்டால்தான். வைத்துக்கொண்டால் மிச்சமாவது 200 மட்டுமே. அதற்குப் பதில் 345 கொடுக்கப் போகிறோம். மாதம் 29,000 கூடுதல் செலவு. எங்கே இருக்கிறது அந்த 9,000?

ஜூன் 5
அண்ணன் மதியம் சாப்பிடாமல் உளி தீட்டிக்கொண்டிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 9
மாதிரிக் கால்கள் வந்தன. வழவழப்பு அருமை. ஈரமானியைக் குத்தினால் 19 சதவீதம். எங்கள் மேசைச் சட்டங்கள் 11. எடை போட்டு, தேதி எழுதி, மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஜூன் 10
எடை குறைகிறது.

ஜூன் 14
ஓட்டல்காரர் மாதம் 15 மேசை கேட்கிறார், ஆறு மாதத்துக்கு. வாங்கிய காலைப் போட்டாலும் மேசைக்கு 2,500 நிற்கும். கடைசலை விட்டு அண்ணன் மூட்டுவேலைக்கு வந்தால்தான் இது முடியும். மாதம் 37,500 வரும், 29,000 போகும், கையில் 8,500. பன்னிரண்டு மேசைக்குக் குறைந்தால் வாங்குவது வீண். ஆறு மாதம் கழித்து ஓட்டல்காரர் போய்விட்டால்? அதற்குள் எந்திரத்தை விற்றிருந்தால், வெளிப் பட்டறைக்காரர்கள் சொல்வதுதான் விலை. தம்பி விற்கச் சொல்கிறான். கூடாது. மூலையில் கிடக்கட்டும்.

ஜூன் 15
எங்கள் காலில் இருக்கும் இந்த மொட்டு வடிவம் அண்ணன் போட்டது. வெளியே கொடுத்தால் அடுத்த தெருக் கடையின் மேசையிலும் அதுதான் நிற்கும். இதற்கு எந்தக் கட்டத்தில் எண் எழுதுவது?

ஜூன் 21
மாதிரிக் கால்களை இடுக்கிமானியால் அளந்தேன். ஒரு பக்கத்தைவிடக் குறுக்கே அளவு குறைவு. ஈரத்தோடு கடைந்தது, காயும்போது முட்டை வடிவமாகிவிட்டது. மரம் வளையத்தின் போக்கில்தான் அதிகம் சுருங்கும். மரத்தின் நடுமையம் உள்ளே இருந்த காலில் நீளவாக்கில் வெடிப்பும் இருக்கிறது. சட்டம் செருகும் துளை இப்படிக் கோணினால் மேசை ஆடும். ஆடும் மேசையை ஓட்டல்காரர் வெளிப் பட்டறைக்கு அனுப்ப மாட்டார், என்னிடம்தான் அனுப்புவார்.

ஜூன் 22
அண்ணனிடம் காலைக் காட்டினேன். தட்டிப் பார்த்தார். "நம் மரத்தைக் கொடுத்துக் கடையச் சொல்லுங்கள் முதலாளி, அவர்கள் கையில் குற்றமில்லை" என்றார். அவர் வாயிலிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 23
கடைசல் கூலி மட்டும் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். கூலியும் எங்கள் மரமும் சேர்ந்து 345-ஐத் தாண்டக் கூடாது. ஓட்டல்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.