"கடைசி 5 மட்டுமே" என்று போட்டு மாட்டிக்கொண்டேன்

நெகமம் பருத்திச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறேன். ஒரு நீலச் சேலையின் டைட்டிலிலும் முதல் படத்திலும் "கடைசி 5 மட்டுமே" என்று போட்டிருந்தேன். போட்ட அன்று கையில் இருந்தது 5 தான். 2 விற்றது. அடுத்த வாரம் தறியிலிருந்து இன்னும் 6 வந்ததும் ஸ்டாக்கை 9 ஆக்கினேன். வாசகத்தைத் தொடவில்லை.

அந்தச் சேலையை வாங்கிய ஒருவர் இருபது நாள் கழித்து திரும்ப வந்து பார்த்திருக்கிறார். "தீர்ந்துடும்னு அவசரமா வாங்கினேன். இன்னும் அதே 5 இருக்கே?" என்று எழுதி, ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டார். இரண்டு நாளில் லிஸ்டிங் முடங்கியது. டைட்டிலிலும் படத்திலும் விளம்பர வாசகம், அதுவும் ஸ்டாக்கோடு பொருந்தாதது என்று காரணம் வந்தது. தளம் என்னைப் பிடித்ததில் தப்பே இல்லை.

அப்போதுதான் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்களைப் படித்தேன். ஆன்லைனில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளைத்தான் டார்க் பேட்டர்ன் என்கிறார்கள். அதில் சொல்லியிருக்கும் 13 வகைகளில் முதலாவதே பொய்யான அவசரம். தளங்களுக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் அது பொருந்தும்.

முறையீட்டில் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. டைட்டிலைச் சுத்தம் செய்து, எழுத்தில்லாத படத்தை ஏற்றி, என்ன மாற்றினேன் என்பதை மட்டும் எழுதினேன். லிஸ்டிங் திரும்பி வந்தது.

இப்போது எண்ணிக்கையை நான் எழுதுவதே இல்லை. ஸ்டாக் குறைந்தால் தளமே "2 மட்டுமே உள்ளது" என்று காட்டிவிடும். இதிலும் ஒரு குறுக்கு வழி உண்டு: வீட்டில் 9 சேலையை வைத்துக்கொண்டு 2 என்று பதிந்தால், தளத்தின் வாயாலேயே பொய் சொல்ல வைக்கலாம். அதுவும் அதே ஏமாற்றுதான்.

ஆனால் வாட்ஸ்அப்பிலும் விற்பதால், சிலவற்றைத் தனியே வைத்தே ஆக வேண்டும். முன்பு 6 சேலையை இரண்டு இடத்திலும் 6 என்று காட்டி, ஒரே சேலைக்கு இரண்டு ஆர்டர் வந்து, ஒன்றை ரத்து செய்து அபராதம் கட்டியிருக்கிறேன். இப்போது 4 தளத்தில், 2 வாட்ஸ்அப்பில். தளம் காட்டும் எண் முழுக் கணக்கு இல்லை. அதனால் விவரப் பகுதியில் இப்படி எழுதுகிறேன்: "கைத்தறி. ஒரு பாவில் 6 சேலை. இந்தப் பாவு தீர்ந்தால் அடுத்தது வர சுமார் 3 வாரம். நீலம் லேசாக மாறலாம்."

வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது இதுதானே: காத்திருந்தால் திரும்பக் கிடைக்குமா, இதே நிறம் வருமா? "திரும்ப வராது" என்று எழுதும் முன் நெசவாளர் அண்ணனுக்கு ஒரு போன் போடுகிறேன். போன மாதம் ஒரு மாம்பழ மஞ்சளுக்கு அப்படி எழுதப்போனேன். "சாயம் இன்னும் ரெண்டு பாவுக்கு இருக்குப்பா" என்றார். எழுதவில்லை.