302 என்று எழுதும் முன்: புத்தகம் திறந்த குற்றவியல் தேர்வுக்கு ஏடு கட்டுவது

புத்தகம் திறந்து எழுதும் சட்டத் தேர்வில் நேரம் பெரும்பாலும் தேடுவதிலேயே கரைகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள சட்டப் புத்தகக் கடைகளில் வாங்கிய பேர் ஆக்ட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அரங்கில் அமர்பவர்கள், பிரிவைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் விதிவிலக்கைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குற்றவியல் தாளில் 2024 ஜூலை 1 முதல் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவாக மாறிவிட்டது. ஆனால் நாம் மேற்கோள் காட்டும் தீர்ப்புகள் அனைத்தும் இந்திய தண்டனைச் சட்டத்தின் எண்களில்தான் பேசுகின்றன.

எண் மாறினால் என்ன, பொருள் அதுதானே என்று சிலர் கேட்பார்கள். கொலைக்கான தண்டனை பழைய சட்டத்தில் 302, புதிய சட்டத்தில் 103. ஆனால் புதிய சட்டத்திலும் ஒரு 302 இருக்கிறது: மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் சொற்களைப் பேசுவது. அதேபோல் 304 என்று எழுதினால் பழையதில் கொலையாகாத மரணம் விளைவித்தல், புதியதில் பறிப்புக் குற்றம். சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் விடைத்தாள் திருத்துபவருக்கு நாம் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

ஆகவே என் ஏட்டில் முதல் தாள் எண் மாற்றப் பட்டியல்தான். பாடத்திட்டத்தில் உள்ளவை மட்டும்: 299 என்பது 100, 300 என்பது 101, 302 என்பது 103, 304 என்பது 105, 304ஏ என்பது 106, 34 என்பது 3(5), 149 என்பது 190. முழுச் சட்டத்துக்கும் பட்டியல் போட்டால் அதுவே தேட வேண்டிய இன்னொரு புத்தகமாகிவிடும். பட்டியலின் தலைப்பில் சிவப்பில் ஒரு கேள்வி: "செயல் நடந்த தேதி என்ன?" இதற்கு விடை எழுதாமல் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. புதிய சட்டத்தின் 358-ஆவது பிரிவு, பழைய சட்டத்தின்கீழ் ஏற்பட்ட பொறுப்புகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவும் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அடுத்து சட்டப் பகுதிகள். கொலைக் குற்றத்துக்கு ஒரே ஒரு விரிப்பு, அதாவது எதிரெதிரான இரண்டு பக்கங்கள். இடப் பக்கத்தில் 100, 101 பிரிவுகளின் மூல வாசகம், ஒவ்வொரு கூறும் தனி வரியில். வலப் பக்கத்தில் ஐந்து விதிவிலக்குகளும் அவற்றின் வரம்புரைகள், விளக்கங்களுடன், அடியில் தண்டனை. சுருக்கி எழுதும் ஆசையை இங்கே அடக்க வேண்டும். கடுமையான, திடீர்த் தூண்டுதல் பற்றிய முதல் விதிவிலக்கில், குற்றவாளியே தேடிக்கொண்ட தூண்டுதல் செல்லாது என்ற வரம்புரை இருக்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர் பொறி வைக்கும் இடம் பெரும்பாலும் இதுபோன்ற வரியில்தான். சுருக்கத்தில் முதலில் விழுந்துபோவதும் அந்த வரிதான்.

ஓரத்தில் பழைய உட்பிரிவையும் குறிக்க வேண்டும். பழைய 300-இல் "மூன்றாவதாக" என்று இருந்தது புதியதில் 101(சி). தீர்ப்புகள் எல்லாம் "மூன்றாவதாக" என்றே சொல்வதால், இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் பாலம் இராது.

தீர்ப்புப் பட்டியலை அகர வரிசையிலோ ஆண்டு வரிசையிலோ போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நூலகருக்கு உதவும், தேர்வு எழுதுபவருக்கு உதவாது. வினாவில் தீர்ப்பின் பெயர் வருவதில்லை, சம்பவம்தான் வருகிறது. எனவே வரிசை எழுவினாப்படி அமைய வேண்டும்: காயம் போதுமானதா, தூண்டுதல் திடீரென்றதா, சண்டை திடீரென்றதா. ஒவ்வொரு தீர்ப்புக்கும் நான்கு கட்டங்கள்: பெயரும் ஆண்டும், சம்பவம் ஒரு வரி, தீர்மானித்தது என்ன, எதற்கு விடை தராது. நான்காவது கட்டத்தை யாரும் போடுவதில்லை, எனக்கோ அதுதான் மிகவும் பயன்பட்டது. விர்சா சிங் வழக்கில் (1958) வயிற்றில் ஈட்டியால் ஒரே குத்து. அந்தக் காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்ததா, இயல்பான போக்கில் மரணம் விளைவிக்க அது போதுமானதா என்று படிப்படியாகக் கேட்கச் சொல்கிறது தீர்ப்பு. ஆனால் விதிவிலக்கு பொருந்துமா என்பதற்கு அது விடை தராது. அதற்கு அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

இது எப்படி இயங்குகிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். கோயம்பேடு சந்தையில் 2024 ஜூன் 29 அன்று சுமை தூக்கும் இருவர் கூலிப் பங்கு பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள், தள்ளுமுள்ளு ஆகிறது. ஒருவர் பக்கத்தில் கிடந்த வாழைத்தார் அறுக்கும் கத்தியை எடுத்து மற்றவரின் வயிற்றில் ஒரு முறை குத்துகிறார். குத்துப்பட்டவர் ஜூலை 3 அன்று மருத்துவமனையில் இறக்கிறார். காயம் இயல்பாகவே மரணம் விளைவிக்கப் போதுமானது என்கிறார் மருத்துவர்.

முதல் தாள் தேதியைக் கேட்கிறது. மரணம் ஜூலையில் நிகழ்ந்தாலும் குத்திய செயல் ஜூன் 29. எனவே பழைய சட்டம். விரிப்பின் ஓரக் குறிப்பைப் பின்பற்றி 300 "மூன்றாவதாக" என்று எழுதி, விர்சா சிங்கின் படிகளைச் சம்பவத்தின் மீது வைக்கிறேன். கொலை என்று தோன்றுகிறது. ஆனால் நான்காவது கட்டம் விதிவிலக்குக்கு அனுப்புகிறது. நான்காவது விதிவிலக்குக்கு சுரிந்தர் குமார் வழக்கு (1989): திடீர்ச் சண்டை, முன்திட்டம் இன்மை, உணர்ச்சி வேகம், முறைகேடான சாதகமோ கொடூரமோ இன்மை. முதல் மூன்றும் இங்கே எளிதாகத் தேறும். நான்காவதில்தான் வாதம்: வெறுங்கையரின் மீது கத்தி எடுத்தது முறைகேடான சாதகம் அல்லவா? இரு பக்கமும் எழுதி ஒரு முடிவுக்கு வர வேண்டும். தேடலில் மிச்சமான நேரமெல்லாம் இந்தப் பத்திக்குத்தான்.

விதிவிலக்கு பொருந்தும் என்று முடிவெடுத்தால், தண்டனை 304-இன் முதல் பகுதி: ஆயுள் சிறை, அல்லது பத்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. தேதியைப் பார்க்காமல் புதிய 105-ஐ எழுதியிருந்தால், அங்கே சிறைக்காலம் ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது என்ற புதிய வரம்பும் விடையில் ஏறியிருக்கும். செயலின் போது இல்லாத கூடுதல் தண்டனையை அரசமைப்பின் 20(1) தடுக்கிறது. எண் மாற்றப் பட்டியலில் தண்டனை மாறிய பிரிவுகளுக்கு ஒரு நட்சத்திரம் போட வேண்டியது இதனால்தான். 304ஏ-க்கும் உண்டு: இரண்டு ஆண்டாக இருந்த உச்சவரம்பு 106(1)-இல் பொதுவாக ஐந்தாகிவிட்டது, மருத்துவ நடைமுறையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்ததற்கு மட்டும் இரண்டு.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். எல்லாத் தாள்களுக்கும் தொடர் எண் கையால் போட்டு, முகப்பில் ஒரு பக்க அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிரிவு எண்ணோடு "ஒரே குத்து", "கூட்டமாகத் தாக்கியது" போன்ற சம்பவச் சொற்களும் இருக்கட்டும். வண்ணச் சீட்டு ஐந்தாறுக்கு மேல் ஒட்டினால் எதுவும் கண்ணில் படாது. சுருள் கட்டு அவசியம், மின்விசிறிக்குக் கீழே தனித் தாள்கள் நிற்பதில்லை. இந்த ஏடு கையெழுத்துக் குறிப்புகளை அனுமதிக்கும் கல்லூரித் தேர்வுகளுக்கு மட்டுமே. பார் கவுன்சிலின் அகில இந்தியத் தேர்வுக்குக் குறிப்பு எதுவும் இல்லாத பேர் ஆக்ட்டை மட்டுமே கொண்டுபோக முடியும். உங்கள் தேர்வின் அனுமதி விதியைப் படித்துவிட்டுக் கட்டுக்குக் கொடுங்கள்.