நெய்க் கரண்டியை அளந்தபோது

பெருந்துறைப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 158. "நெய் நாளைக்கு ஒரே ஒரு கரண்டிதானுங்க" என்றார் வீட்டம்மா. அந்தக் கரண்டியை அளப்பதில்தான் வேலையைத் தொடங்கினோம்.

இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும். அதால் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் கரண்டி 15 மில்லி பிடித்தது. மதியம் அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஒரு கரண்டி. ராத்திரி தோசையின் மேல் விடுவது இன்னொரு 5 மில்லி, அது கணக்கிலேயே வரவில்லை. ஆக 20 மில்லி, எடையில் 18 கிராம். நெய்யில் ஏறக்குறைய 60 சதவீதம், எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. ஊத்துக்குளி நெய்யானாலும் வீட்டில் உருக்கியதானாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவருக்கு நெய்யில் மட்டும் 11 கிராம் போனது.

தினம் 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 22 கிராம். எல்டிஎல் குறைய வேண்டியவருக்கு 13 கிராம்தான் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். அதற்குள் பாலும் தேங்காயும் அடங்க வேண்டும். கொங்கு நாட்டுச் சமையலில் ஆட்களை ஏமாற்றுவது இதுதான். அரை லிட்டர் பால் 9 கிராம், சட்னியிலும் குழம்பிலும் 30 கிராம் தேங்காய்த் துருவல் இன்னொரு 9, கடலெண்ணெயில் ஒரு 3. மொத்தம் 32.

நெய்யை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. 5 மில்லி போதும், 3 கிராமுக்குள் அடங்கும். கொழுப்பு குறைந்த பால் கால் லிட்டர், தேங்காய் 10 கிராம், மற்ற நாள் கொள்ளுப் பருப்போ தக்காளிச் சட்னியோ. மொத்தம் 12க்கு வந்தது. எல்டிஎல் சரியாக இருப்பவர், பாலும் தேங்காயும் அளவோடு இருந்தால், 10 மில்லி வரை ஊற்றலாம்.

அளவு நழுவுவது மார்கழியில். நெய் உறைந்திருக்கும், ஸ்பூனில் குவித்து எடுத்தால் இரட்டிப்பாகும். உருக்கித்தான் அளக்க வேண்டும். அவருக்கென்று ஒன்றாம் தேதி 150 மில்லி தனிப் பாட்டிலில் ஊற்றி வைத்தோம். இருபதாம் தேதியே காலியானால் எங்கோ கை தாராளமாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

நெய்யைக் குறைத்த பசிக்கு பிஸ்கட்டும் பப்ஸும் நுழைந்தால் பலன் இல்லை. அந்த இடத்தில் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாக வர வேண்டும். அப்போதுதான் எல்டிஎல் இறங்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து, அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் பரம்பரைக் காரணமாக இருக்கலாம். மீதி ஒரு ஸ்பூனையும் நிறுத்துவதைவிட மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதே சரி. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர், நெய் குறைந்துவிட்டதென்று அதைத் தாமாக விடக் கூடாது.