பெல் அடிக்கிறதா?

மழைக்காலம் வந்தாலே எங்கள் செல்போன் சர்வீஸ் கடையில் "தண்ணி பட்டதுங்க, சத்தமே வரல" என்று வருபவர்கள் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டியே வருவார்கள். நான் முதலில் கேட்பது, "போன் வந்தா பெல் அடிக்குதா?"

போன மழைக்கு ஓர் அக்கா கொண்டுவந்த ஆண்ட்ராய்டு போனில் பெல் நன்றாகவே அடித்தது. யூடியூப் மட்டும் ஊமை. அழைப்பில் எதிராளி பேசுவதும் காதில் விழவில்லை, லவுட்ஸ்பீக்கரைப் போட்டால் கேட்டது. திரையின் மேலே பார்த்தால், எதுவும் சொருகாமலேயே ஹெட்போன் குறி. இயர்போன் சொருகியிருந்தாலும் ஆண்ட்ராய்டில் பெல் சத்தம் பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் வரும். அதனால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, கோளாறு ஜாக்கில்தான் என்று தெரிந்துவிட்டது. 3.5 மி.மீ. ஜாக்கின் உள்ளே, பின் நுழைந்ததை உணர்வதற்கென்றே ஒரு தகடு உண்டு. அங்கே ஈரம் தங்கினால், இயர்போன் சொருகியிருப்பதாகப் போன் நினைத்துக்கொள்ளும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் ஈரத்தோடு வெள்ளையாக மாவு. "அரிசியில வெச்சீங்களாக்கா?" என்றேன். "ராத்திரி முழுக்க வெச்சேன் தம்பி" என்றார். இந்த அரிசி வைத்தியத்தை யார் கிளப்பிவிட்டார்களோ! ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோன் உதவிக் குறிப்பில் அரிசியில் வைக்காதீர்கள் என்று சொல்கிறது.

போனை அணைத்து, ஜாக் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி மாவை எடுத்தேன். பிறகு மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் பசையும் திரை விளிம்பும் விட்டுப்போகும், தண்ணீரும் இன்னும் உள்ளே தள்ளப்படும். சார்ஜரும் நன்றாகக் காயும்வரை கூடாது. சாயங்காலம் ஆன் செய்தபோது ஹெட்போன் குறி இல்லை, பாட்டும் வந்துவிட்டது.

பெல்லும் வராவிட்டால் கதை வேறு. முதலில் சைலன்ட்டில் இல்லை, புளூடூத்தில் எதுவும் இணையவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் கம்மலாக, கரகரவென்று வந்தால் ஸ்பீக்கர் வலையில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அதைக் கீழே பார்க்க வைத்து ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். காய்ந்த பிறகும் துளி சத்தம் இல்லையென்றால்தான் நான் போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் மல்ட்டிமீட்டர் வைப்பேன். வழக்கமாக 8 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதுதான்.

இதெல்லாம் நல்ல தண்ணீருக்கு. கடல் தண்ணீரோ டீயோ என்றால் காய்வதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஈரம் போனாலும் உப்பும் சர்க்கரையும் உள்ளே நின்று தகடுகளை அரிக்கும். அன்றைக்கே அணைத்துக் கொண்டுவந்தால் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம்.